மேனேஜர் மாற்ற முடியாத பக்கம்

முத்துக்கனிக்கு மெதுவாகப் பேச வராது. வேளிமலை நூற்பாலையின் ரீலிங் பகுதியில் நின்று, மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றியே பழகிவிட்டாள். வீட்டில் உப்பு ஜாடி எங்கே என்று கேட்டால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். அவள் புருஷன் கோலப்பன் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்தான். "ஏலம் கூற எனக்கு ஆள் வேண்டாம், இவளைக் கொண்டாந்து நிறுத்தினாப் போதும்" என்று சந்தையில் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு அதில் கோபம் கிடையாது.

அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல், கொஞ்சம் பனை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். வீட்டில் அய்யாவழி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதிக்குக் கும்பிடப் போய்த் திருநாமம் இட்டு வருவாள். கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்தபின், நாடு சுதந்திரமடைந்த அடுத்த வருஷம், ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாபினில் வரும் நூலைச் சிட்டமாக, கற்றை கற்றையாகச் சுற்றும் வேலை. விரல் வேகமாக ஓட வேண்டும், நூல் அறுந்தால் கண் உடனே பிடிக்க வேண்டும். அவளுக்கு இரண்டும் இருந்தன.

ஆலையில் முந்நூறுக்கும் மேல் ஆட்கள். பஞ்சு சீவும் கார்டிங், நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதிகளில் ஆண்கள். ரீலிங்கில் முழுக்கப் பெண்கள். பாதிப் பேர் அஞ்சுகிராமம், இரணியல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு அறுப்புக்கும் வயலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள்.

ஐம்பத்திரண்டில், அப்போது ராஜ்யத்தின் தலைநகராக இருந்த திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகள் எல்லாம் தங்கள் வேலை நிபந்தனைகளை எழுதி, லேபர் கமிஷணரிடம் கொடுத்து, அவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். வேலை நேரம், லீவு, தாமதமாக வந்தால் என்ன, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, ஆளை எப்படி நிறுத்துவது, எல்லாம் அதில் வரவேண்டும். ஸ்டாண்டிங் ஆர்டர் என்று ஆபீஸில் சொன்னார்கள். தமிழில் நிலை ஆணை. ஆலையில் அப்போது சங்கம் கிடையாது. சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளிகள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், கமிஷணர் அவர்கள் பக்கத்தையும் கேட்பார் என்று அறிவிப்புப் போட்டார்கள். கார்டிங் பகுதியிலிருந்து நேசையன், ஸ்பின்னிங்கிலிருந்து பொன்னுலிங்கம். மூன்றாவது ஆள் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்று ரீலிங் பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். "முத்துக்கனி போவட்டும். அவ சொன்னா கமிஷணருக்குக் காது கேக்காட்டாலும் கேக்கும்."

அப்படித்தான் முத்துக்கனி முதல்முறையாகத் திருவனந்தபுரம் போனாள்.

அங்கே அவள் பார்த்த ஒரு காரியம் மனதில் நன்றாகப் பதிந்தது. கம்பெனி எழுதிக் கொண்டுபோன நகலில், லீவு முடிந்து நான்கு நாளுக்குள் திரும்பாதவர்களுக்கு வேலை இல்லை என்று இருந்தது. கமிஷணர் தன் மேஜையிலிருந்த அரசாங்கத்தின் மாதிரி விதியைப் பிரித்துப் பார்த்தார். "மாதிரியில் எட்டு நாள் இருக்கிறது. எட்டு நாளுக்குள் திரும்பி வந்து, தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் வேலை உரிமை போகாது. உங்கள் ஆலையில் இதை மாற்றுவதற்கு விசேஷமாக என்ன காரணம்?" என்று கேட்டார். கம்பெனி வக்கீலால் சொல்ல முடியவில்லை. நான்கை அடித்து எட்டு என்று எழுதினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. விதிகளை இங்கிலீஷிலும் மலையாளத்திலும் எழுதி ஆலை வாசலில் ஒட்டுவதாகக் கம்பெனி சொன்னபோது, முத்துக்கனி எழுந்து நின்றாள். "ஐயா, எங்க ஆலையில மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சவங்க பத்துப் பேர் இருந்தா அதிகம். அங்க ஒட்டினா காக்காதான் வாசிக்கும்." அறையில் சிரிப்பு எழுந்தது. அதிகம் பேருக்குப் புரிகிற மொழியில் ஒட்ட வேண்டும் என்பதுதான் சட்டம் என்று கமிஷணர் சொல்லி, தமிழ் என்று குறித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் விதிகள் தமிழில் வாசல் பலகையில் ஏறின. பழைய மேனேஜர் அதே விதிகளை முதல் பாகமாக வைத்து, கம்பெனி தரும் மற்றச் சலுகைகளை இரண்டாம் பாகமாகச் சேர்த்து, பச்சை அட்டைபோட்ட சின்னப் புத்தகமாக அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். தேர்த் திருவிழாவுக்கு அரை நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சீக்கிரம் விடுவது, அஞ்சுகிராமம் பக்கத்துப் பெண்களை ஏற்றிவரக் கம்பெனி லாரி, எல்லாம் இரண்டாம் பாகத்தில் இருந்தன. பெண்களுக்கு முதல் பாகம், இரண்டாம் பாகம் என்ற வித்தியாசம் ஒன்றும் கிடையாது. எல்லாமே 'புத்தகத்துல உள்ளது'தான்.

ஐம்பத்துநான்கில் பழைய மேனேஜர் போய், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அல்போன்ஸ் என்பவர் மேனேஜராக வந்தார். வேலை தெரிந்த மனுஷன். மிஷின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுவார். அவர் வந்த சமயம் கும்பப்பூ அறுப்பு. ரீலிங்கில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வரவில்லை. நூல் சுற்றாமல் பாபின்கள் கூடைகூடையாகக் குவிந்தன. கைத்தறிக்காரர்கள் சரக்குக் கேட்டு வாசலில் நின்றார்கள். அவர் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். மூன்றாம் நாள் வாசல் பலகையில் ஒரு நோட்டீஸ் ஏறியது.

லீவு முடிந்து மூன்று நாளுக்குள் வராதவர்கள் பெயர் நீக்கப்படும். அடுத்த வாரம் முதல் கம்பெனி லாரி ஓடாது.

இந்த நோட்டீஸ் ஒட்டியபோது பூங்கனி ஊரிலேயே இல்லை. அவளும் ரீலிங்காரிதான். அக்காள் ராகேலுக்குப் பிரசவம். மிஷன் ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்க லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பிரசவம் சிக்கலாகி, ராகேலுக்குக் காய்ச்சல் கண்டு, பச்சைப்பிள்ளையைப் பார்க்கவும் ஆள் இல்லாமல், லீவு முடிந்து ஐந்தாம் நாள்தான் பூங்கனியால் திரும்பிவர முடிந்தது. வாசலில் வாச்சர் தடுத்தார்.

"பேரு அடிச்சாச்சு. உள்ள போவக் கூடாது."

"யாரு அடிச்சா?"

"மேனேஜர். நோட்டீஸப் பாரு."

பூங்கனி அழவில்லை. வாசல் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வெளியே வரும்வரை காத்திருந்தாள். முத்துக்கனி வந்ததும் எழுந்தாள்.

"அக்கா, புத்தகத்துல எட்டு நாளுண்ணுதானே போட்டிருக்கு? நீங்கதானே அதுக்குத் திருவனந்தபுரம் போனிய?"

முத்துக்கனி சாப்பாட்டுத் தூக்கை அவள் கையில் கொடுத்தாள். "இதைத் தின்னுக்கிட்டு இரி. இப்ப வாறேன்." நேராக ஆபீஸுக்குப் போனாள்.

அல்போன்ஸ் அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"சார், பூங்கனிக்க பேரை அடிச்சது செல்லாது. புத்தகத்துல எட்டு நாள். லாரியும் புத்தகத்துல உண்டு. ரெண்டையும் நீங்களா மாத்த முடியாது."

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. பக்கத்துல கணக்கு எழுதிக்கிட்டு இருக்காங்க." அவர் மேஜை இழுப்பறையிலிருந்து பச்சைப் புத்தகத்தை எடுத்தார். "இதை அச்சடிச்சது யாரு?"

"கம்பெனி."

"கம்பெனி அச்சடிச்சுக் கொடுத்த கையேடு. நீங்க யாரும் இதுல கையெழுத்துப் போடல. நிலைமை மாறினா கம்பெனி மாத்தி அச்சடிக்கும். லாரியப் பத்தி என்ன போட்டிருக்கு, நீயே படி."

அவள் வாங்கிப் படித்தாள். லாரியைப் பற்றிய வரிக்குக் கீழே சின்ன எழுத்தில், 'இப்பாகத்தில் கண்ட சலுகைகள் கம்பெனிக்கு இயலும் வரையில் மட்டும்' என்று இருந்தது. இத்தனை நாளும் அந்த வரி அவள் கண்ணில் பட்டதே இல்லை.  பிறகு புத்தகத்தை முன்பக்கத்துக்குத் திருப்பினாள்.

"லாரிய நான் பொறவு பேசுதேன் சார். இது வேற. இந்தப் பாகத்துக்குத் தலைப்புல பாருங்க. லேபர் கமிஷணர் சான்றளித்ததுண்ணு இருக்கு. இதை அச்சடிச்சதுதான் கம்பெனி. முத்திரை வச்சது கம்பெனி இல்ல."

அல்போன்ஸ் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "அதையும் படிச்சிருக்கேன். எட்டு நாளுக்குள்ள வரணும், வந்து மேனேஜர் திருப்திப்படுற மாதிரி காரணம் சொல்லணும். ரெண்டும் வேணும். திருப்தி என்னோடது. மூணு நாளுக்கு மேல எந்தக் காரணமும் எனக்குத் திருப்தியில்லன்னுதான் நோட்டீஸ் போட்டிருக்கேன். விதியை நான் தொடவே இல்ல."

முத்துக்கனிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எங்கோ தவறு இருக்கிறது என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் அவளும் நேசையனும் லேபர் ஆபீஸுக்குப் போனார்கள். நேசையன் ஐம்பது தாண்டியவர், சர்ச்சில் பாடுகிறவர், எதற்கும் பதறாதவர். லேபர் ஆபீசர் நாராயணபெருமாள் சுசீந்திரத்துக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு விஷயம் சொல்லுதேன், கவனமாக் கேளுங்க. முதல் பாகம் ஸ்டாண்டிங் ஆர்டர். அது உங்களையும் கட்டும், கம்பெனியையும் கட்டும். மாத்தணும்ணா கம்பெனி கமிஷணருக்கு மனுப் போடணும். கமிஷணர் உங்களையும் கேப்பாரு. வாசல்ல நோட்டீஸ் ஒட்டி மாத்த முடியாது. ரெண்டாம் பாகம் அப்படி இல்ல. அது கம்பெனி தானா குடுத்த சலுகை. அதை நிறுத்தினா சட்டத்தை மீறினதாகாது. ஆனா பேசிக் கேக்கலாம், தகராறு எழுப்பலாம்."

"அப்ப பூங்கனியை உள்ள விடச் சொல்லி நீங்க ஒரு எழுத்துக் குடுங்க" என்றாள் முத்துக்கனி.

"அதுதான் ரெண்டாவது விஷயம். ஒரு ஆளுக்க சங்கடத்தை மட்டும் வச்சு நான் கம்பெனியைக் கூப்பிட முடியாது. அது தொழில் தகராறு ஆகாது. ஆலையில உள்ளவங்க கூடி, இது எங்க எல்லாருக்க காரியமுண்ணு எடுத்தாத்தான் சமரசத்துக்கு எடுக்க முடியும். போய்க் கூட்டம் போடுங்க."

வெளியே வந்ததும் நேசையன் சொன்னார்: "கார்டிங்கை நான் பாத்துக்கிடுதேன். ஸ்பின்னிங்குக்குப் பொன்னுலிங்கம் இருக்கான். உனக்குத்தான் பிள்ளே கஷ்டம். பூங்கனிக்கு ரீலிங்குல ஒருத்தி கை தூக்குவாளா?"

அவர் சொன்னது உண்மை. பூங்கனியை ரீலிங்கில் யாருக்கும் ஆகாது. காலையில் முந்தி வந்து, நல்ல பாபின்களாகப் பொறுக்கித் தன் பக்கம் வைத்துக்கொள்வாள். அறுந்து அறுந்து போகிற நூலெல்லாம் மற்றவர்களுக்கு. கேட்டால் நாக்கு நீளும். பக்கத்தில் நின்று சுற்றுகிற தாணம்மாள் ஒருமுறை அவள் முடியைப் பிடித்தே இழுத்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் குழாயடியில் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது முத்துக்கனி பேச்சை எடுத்தாள். தாணம்மாள்தான் முதலில் வெடித்தாள்.

"அவளுக்கா? ஏட்டி, அந்தச் சவத்துக்கு நான் கை தூக்கணுமா? போனது நல்லதுண்ணு நேத்துதான் நிம்மதியா சிட்டம் போட்டேன்."

"நீ சொல்லுதது சரிதான்" என்றாள் முத்துக்கனி. "அவ பாபின் பொறுக்குவா. எனக்கும் அவளைப் பிடிக்காது."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. 

"பாபின் பொறுக்கினதுக்கு மேனேஜர் அவளை வெளியில விட்டிருந்தா நான் இங்க வந்து நிக்க மாட்டேன். ஆனா அவளை விட்டது அதுக்கில்ல. ஆஸ்பத்திரியில அக்காளுக்க பக்கத்துல இருந்ததுக்கு. தாணம்மா, உனக்க மாமியாருக்கு வாதம் வந்தப்ப நீ லீவு முடிஞ்சு எத்தனை நாள் கழிச்சு வந்த?"

தாணம்மாள் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தாள்.

"அண்ணு எட்டு நாளுண்ணு இருந்ததாலதான் நீ இண்ணு இங்க நிக்க. அந்த நோட்டீஸ் செல்லும்ணா, அடுத்து உள்ளதெல்லாம் செல்லும். நாளைக்கு ஒரு நாளுண்ணு போடுவாரு. மத்தா நாள் லீவே இல்லண்ணு போடுவாரு. அறுப்புக்குப் போவாம இருக்கப்போறது யாரு இங்க?"

 தாணம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள்.

"கை தூக்குதேன். ஆனா உள்ள வந்தபொறவு அவ எனக்க பாபின்ல கை வச்சா, நான் சும்மா இருக்க மாட்டேன்."

"அதுக்கு நான் குறுக்க வர மாட்டேன்."

அன்று வீட்டில் கோலப்பனுக்குத்தான் கவலை. "உன்னையும் வெளியில தள்ளிட்டா என்ன செய்யதுட்டி? எனக்க குலையை நம்பியா குடும்பம் ஓடும்?"

"தள்ளட்டு. என்னைத் தள்ளணும்ணா நான் என்ன குத்தம் செஞ்சேண்ணு எழுதித் தரணும். நான் பதில் சொல்ல அவகாசம் தரணும். அதுவும் முதல் பாகத்துல உள்ளதுதான்." அவள் சோற்றை அள்ளி வைத்தாள். "பயந்துகிட்டு இருந்தா மீன்கொழம்பு ருசிக்காது. தின்னும்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. பொன்னுலிங்கம் தீர்மானத்தை எழுதினான். கை தூக்கினவர்கள் ஆலையில் பாதிக்கும் மேல். பூங்கனியும் வந்து ஓரமாக நின்றாள். ஒருத்திக்கும் நன்றி சொல்லவில்லை. முத்துக்கனி அதைக் கவனித்தாள். சொல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

லேபர் ஆபீசர் இரண்டு தரப்பையும் அழைத்த நாளில் அல்போன்ஸ் நேரத்துக்கு வந்தார். கையில் பைல், முகத்தில் தெளிவு. தன் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: விதியை மாற்றவில்லை, தன் திருப்தி எது என்பதைத்தான் முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்.

நாராயணபெருமாள் கேட்டார்: "பூங்கனி திரும்பி வந்த அண்ணு அவகிட்டக் காரணம் கேட்டியளா?"

"கேக்கல. நோட்டீஸ்படி பேர் ஏற்கெனவே நீங்கிடுச்சு."

"அப்படீண்ணா உங்க திருப்திங்கிற பேச்சுக்கே இடமில்லையே. காரணம் கேட்டாத்தான் திருப்தியா இல்லையாண்ணு சொல்ல முடியும். வந்து நிக்கிற ஒவ்வொருத்தரையும் கேட்டுத் தீர்மானிக்கிற அதிகாரம் உங்களுக்கு உண்டு. யாரு வந்தாலும் கேக்க மாட்டேண்ணு முன்கூட்டியே சொல்லுத அதிகாரம் இல்ல. எட்டு நாளுண்ணு விதி எழுதியிருக்க, மூணு நாளோட கதவை அடைச்சா, அது விதியைத் திருத்துனதுதான். திருத்த கமிஷணர்கிட்டப் போகணும்."

முத்துக்கனி நேசையனைத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் அறையில் வாய்க்கு வராத பதில் இதுதான். 

அல்போன்ஸ் பைலை மூடினார்.  "சரி. அப்ப இப்பவே கேக்கிறேன். பூங்கனி, ஏன் அஞ்சு நாள் தாமதம்?"

பூங்கனி எழுந்து நின்றாள்.  அக்காளுக்குக் கண்ட காய்ச்சலையும், பால் குடிக்கத் தெரியாமல் கிடந்த பிள்ளையையும், அக்காள் புருஷன் கொழும்பில் இருப்பதையும் சொன்னாள். சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை என்றாள்.

"இப்ப அக்கா எப்படி இருக்கா?"

"எழும்பி உக்காருதா சார்."

"நல்லது. எனக்குத் திருப்தி. நாளைக்கு வேலைக்கு வா. சர்வீஸ் முறியாது." பிறகு ஆபீசரைப் பார்த்தார். "நோட்டீஸையும் எடுத்துடுறேன். ஆனா என் கஷ்டத்தை யாரு கேப்பா? அறுப்பு வந்தா ரீலிங் காலி. நூல் தேங்கினா ஸ்பின்னிங்கை நிறுத்தணும். ஸ்பின்னிங் நின்னா கார்டிங்கும் நிக்கும், ஆம்பளைகளுக்கு வேலை இல்ல."

 அவர் சொன்னதும் பொய்யில்லை. நேசையன் தலையை ஆட்டினார்; அவர் பகுதியில்தான் போன வாரம் ஆட்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

முத்துக்கனி எழுந்தாள். "சார், லாரிய நான் பொறவு பேசுதேண்ணு சொன்னேன். இப்பப் பேசலாமா?"

"பேசு. இங்க கணக்கு எழுதுறவங்க யாரும் இல்ல."

"லாரி ரெண்டாம் பாகத்துல உள்ளது. நீங்க நிறுத்தினா சட்டப்படி நாங்க தடுக்க முடியாது. ஆபீசரும் சொல்லிட்டாரு, நானும் படிச்சுட்டேன். ஆனா லாரி நிண்ண நாளிலேருந்து அஞ்சுகிராமத்துக்காரிகள்ல எத்தனை பேரு வராம இருக்காங்கண்ணு பாத்தியளா? அறுப்புக்குப் போனவ அங்கனயே நிண்ணுட்டா. வர வழி இல்லாததால. நீங்க லாரிய விடுங்க. நாங்க அறுப்பு லீவை முறை வச்சு எடுக்குதோம். ஒரு கூட்டம் வந்தபொறவு அடுத்த கூட்டம். மூணுல ஒரு பங்கு ஒரே நேரத்துல போவாது. எந்த ஊருல எப்ப அறுப்புண்ணு எங்களுக்குத் தெரியும். தோவாளையில முந்தி, எங்க பக்கம் பிந்தி."

அல்போன்ஸ் பென்சிலை எடுத்து மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். "முறை வச்சா அதைக் கேப்பாங்களா?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். எனக்க சத்தம் போதும்."

ஆபீசர் சிரித்துவிட்டார். அன்றே ஒப்பந்தம் எழுதினார்கள். ஒரு வருஷத்துக்கு லாரி ஓடும். அறுப்பு லீவை ரீலிங் பெண்கள் முறைப்படி எடுப்பார்கள். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட, ஆபீசரும் போட்டார். அந்த ஒரு வருஷமும் இது இரண்டு பக்கத்தையும் கட்டும், யாரும் தனியாக விலக முடியாது என்று அவர் விளக்கினார்.

"அப்ப ரெண்டாம் பாகத்துல இருந்த லாரி முதல் பாகத்துக்குப் போயிட்டுதா?" என்று நேசையன் கேட்டார்.

"முதல் பாகத்துக்குப் போவல. ஆனா 'இயலும் வரை'ங்கிற வரிக்கு அடியில இருந்து வெளியே வந்துட்டுது" என்றார் நாராயணபெருமாள்.

அல்போன்ஸ் அதோடு விடவில்லை. தோற்றுப்போய்ச் சும்மா இருக்கிற மனுஷன் இல்லை அவர். அந்த ஆண்டே கமிஷணருக்கு முறைப்படி மனுப் போட்டார்: எட்டு நாளை நான்காகக் குறைக்க வேண்டும், லீவை நீட்ட வேண்டியவர்கள் லீவு முடிவதற்கு முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். மனுவின் நகல் தொழிலாளிகளுக்கும் வந்தது. முத்துக்கனியும் நேசையனும் மறுபடி திருவனந்தபுரம் போனார்கள். இந்தமுறை அவளுக்கு, முதல் தடவைபோலப் பஸ்ஸில் வாந்தி வரவில்லை. வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனாள்.

நான்கு நாள் மாதிரி விதிக்கு ஒத்துவராது என்று கமிஷணர் தள்ளிவிட்டார். முன்பே சொல்லி அனுப்ப வேண்டும் என்பது நியாயமான நடைமுறைதானே, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். முத்துக்கனி யோசித்தாள். பூங்கனிக்குச் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்காதது ஞாபகம் வந்தது. ஆனால் எட்டு நாள் அப்படியே இருக்கிறது; அப்படிப்பட்டவள் அதற்குள் வந்து காரணம் சொல்லலாம்.

"ஆட்சேபம் இல்ல ஐயா. ஆனா ஒண்ணு சேக்கணும். நாங்க கேட்டு அனுப்பினா, உண்டு இல்லண்ணு கம்பெனியும் எழுத்துல பதில் தரணும். பதில் வருமாண்ணு பாத்துக்கிட்டே நாள் போயிரும்."

அல்போன்ஸ் அதை ஒத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து விதியாயின. வெளியே வரும்போது அவர் அவளிடம் சொன்னார்: "வாசல்ல நோட்டீஸ் ஒட்டுறதவிட இது நல்லாத்தான் இருக்கு. நாள்தான் ஆகுது."

"நாள் ஆனாலும் மறுபடி யாரும் கிழிக்க முடியாதுல்லா சார்" என்றாள் அவள்.

பூங்கனியும் தாணம்மாளும் அதற்குப் பிறகும் சண்டை போட்டார்கள். ஆனால் அறுப்பு முறை எழுதுகிற வேலையைப் பூங்கனிதான் எடுத்துக்கொண்டாள். எந்த ஊரில் யாருக்கு எத்தனை வயல் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏமாற்றி ஒருநாள் அதிகம் எடுக்கப் பார்த்தவளை அவள் விடவில்லை. அந்த வகையில் அவள் நாக்கு ஆலைக்குப் பயன்பட்டது. அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்தபோது அல்போன்ஸே கூப்பிட்டு இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டலாமா என்று கேட்டார். ஆலையில் சங்கமும் பதிவாயிற்று. நேசையன் தலைவர். முத்துக்கனி துணைத் தலைவர்.

ஐம்பத்தாறு நவம்பரில் கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊரெல்லாம் ஊர்வலம், மேளம், வாழைத்தோரணம். கோலப்பனுக்கு அன்று குலைகள் எல்லாம் காலையிலேயே விற்றுப்போயின. ஆனால் ரீலிங் பெண்களுக்கு ஒரு சந்தேகம் கிளம்பியிருந்தது. முத்திரை வைத்தவர் திருவனந்தபுரத்துக் கமிஷணர். இனி நாம் சென்னைக்காரர்கள். பழைய முத்திரை செல்லுமா?

முத்துக்கனி சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. புதிதாக வந்த லேபர் ஆபீசர் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தபோதே போய் நின்றாள். அவர் பேசியது மதுரைத் தமிழ். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ராஜ்யம் மாறினாலும் ஏற்கெனவே சான்றளித்த விதி அப்படியே செல்லும்மா. அதை மாத்தணும்னா இனி சென்னைக்கு மனுப் போடணும், அவ்வளவுதான். இன்னொரு சங்கதி தெரியுமா? இதுவரைக்கும் திருத்தம் கேக்கக் கம்பெனிக்கு மட்டும்தான் வழி இருந்துச்சு. பார்லிமெண்டுல இந்த வருஷம் சட்டத்தைத் திருத்தியிருக்காங்க. அது அமலுக்கு வந்தா தொழிலாளிகளும் மனுப் போடலாம்."

"நாங்களுமா?"

"நீங்களும்தான்."

ஆலைக்குத் திரும்பியதும் சாப்பாட்டு மணி அடித்தது. குழாயடியில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே ஸ்பின்னிங் ஓடிக்கொண்டிருந்தும் கடைசியில் நின்றவளுக்குக்கூட ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அப்ப நாம என்ன கேக்கலாம்?" என்றாள் தாணம்மாள்.

முத்துக்கனி தூக்கைத் திறந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, குழாய்த் திண்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொருத்தியாச் சொல்லுங்க" என்றாள்.